புட்டு மாவுக்கு அட்வான்ஸ்

டிசம்பர் 19, செவ்வாய்

மில்லுக்குள்ளிருந்து இன்று வாரிய சேற்றை வைத்து இன்னொரு வீடு கட்டலாம். ஆற்றுத் தண்ணீர் வந்து இடுப்பளவு நின்றுவிட்டுப் போயிருக்கிறது. மாவு மெஷின், மிளகாய் மெஷின், இரண்டுக்கும் உயிர் கொடுக்கும் மோட்டார் எல்லாம் முங்கிக் குளித்து எழுந்து நிற்கின்றன. பரணில் இருந்ததால் பிழைத்தது இந்த டைரி ஒன்றுதான். உரக்கடைக்காரர் ஓசியில் கொடுத்தது. இதுவரை இதில் பால் கணக்குகூட எழுதியதில்லை. இப்போது யாரிடமாவது பேசாவிட்டால் எனக்கு மண்டை வெடித்துவிடும். வீட்டுக்காரரிடம் பேச முடியாது, அவர் மோட்டார் பக்கத்தில் குத்தவைத்து உட்கார்ந்தவர் உட்கார்ந்தபடியே இருக்கிறார்.

டிசம்பர் 20, புதன்

மஸ்கட்டிலிருந்து பொற்கொடி போன் பண்ணினாள். என் நாத்தனார், இவருடைய ஒரே தங்கை, அங்கே ஆஸ்பத்திரியில் நர்ஸ். மாமனார் காலமானபோது அவள் எட்டாவது படித்துக்கொண்டிருந்தாள். அதன் பிறகு படிக்கவைத்தது, நகை போட்டது, கட்டிக்கொடுத்தது எல்லாம் இவர்தான். அதெல்லாம் இந்த மாவு மில் வருமானம்தான்.

"நியூஸ்ல காட்டுதாங்களே மதினி, நம்ம தெருவுக்கு வந்திச்சா?" என்று கேட்டாள். வந்தது, போய்விட்டது என்றேன். மில் பற்றி நான் மூச்சு விடவில்லை. ஏற்கெனவே இவர் சொல்லிவைத்திருக்கிறார், தங்கச்சி காதுக்கு ஒரு வார்த்தை போகக்கூடாது என்று.

பேசி முடித்தபின் நம் வீட்டுப் பூனை வெள்ளத்தில் தப்பிவிட்டதைக் காட்ட ஒரு போட்டோ எடுத்து அவளுக்கு அனுப்பினேன். பூனைக்குப் பின்னால் மில் கொஞ்சம் தெரிந்திருக்கலாம். பூனை மில் வாசலில்தான் உட்கார்ந்திருந்தது, நான் என்ன செய்ய முடியும்?

டிசம்பர் 21, வியாழன்

காயில் கட்டுகிறவர் வந்து மோட்டாரைப் பார்த்தார். உள்ளே செப்புக் கம்பியெல்லாம் போய்விட்டது, அவிழ்த்துப் புதிதாகச் சுற்ற வேண்டும், பேரிங்கும் மாற்ற வேண்டும் என்றார். ஊரில் நனையாத மோட்டாரே இல்லையாம். முன்பணம் கொடுத்தவருக்குத்தான் முதலில் கட்டித் தருவாராம். இவர் "சொல்லி அனுப்புதேன்" என்றார். அந்தச் சொல்லுக்கு என்ன அர்த்தம் என்று அவருக்கும் தெரியும், காயில்காரருக்கும் தெரியும்.

டிசம்பர் 23, சனி

இன்று நடந்ததை நிதானமாக எழுத வேண்டும்.

காலையில் ரசத்துக்குப் புளி கரைத்துக்கொண்டிருந்தபோது போன் 'டிங்' என்றது. பேங்க் மெசேஜ். தொகையை இங்கே எழுத மாட்டேன், எழுதினால் அது வெறும் தொகை ஆகிவிடும். இரண்டு தடவை கண்ணாடியைத் துடைத்துப் பார்த்தேன் என்பது மட்டும் போதும். பின்னாலேயே பொற்கொடியின் வாய்ஸ் வந்தது.

"மதினி, இங்க நல்ல புட்டு மாவே கிடைக்க மாட்டேங்குது. நம்ம மில்லு மாவுக்கு அட்வான்ஸ் போட்டிருக்கேன். அண்ணன்கிட்ட அப்படியே சொல்லுங்க. வேற எதுவும் சொல்லாதிய."

அடி கெட்டிக்காரி. நான் அடுப்படியில் நின்று அழுதேன், பிறகு சிரித்தேன், ரசம் கொதித்து வழிந்தது.

சாப்பிட்டு முடித்தபின் இவரிடம் அப்படியே சொன்னேன். எவ்வளவு என்று கேட்டார். போனைக் காட்டினேன். வாங்கிப் பார்த்தார்.

"இந்தக் காசுக்கு மாவு அரைச்சா அவ பேரம்பேத்தி காலம் வரைக்கும் புட்டு அவிக்கலாம்," என்றார். "திருப்பி அனுப்பிரு."

அண்ணன்தான் தங்கைக்குச் செய்ய வேண்டும். பொங்கலுக்கு அரிசி, கரும்பு என்று பொங்கப்படி, பிள்ளை பிறந்தால் சீர், எல்லாம் இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் போகிற காசு. அந்தப் பக்கமிருந்து இந்தப் பக்கம் வந்தால் இவருக்கு உலகமே தலைகீழாக நிற்பது போல. அது வீம்பு இல்லை. பதிமூன்று வயசுப் பிள்ளையைத் தோளில் தூக்கி வளர்த்தவரின் மனசு அது. ஆனால் மோட்டாருக்கு மனசு தெரியாதே.

திருப்பி அனுப்ப எனக்குத் தெரியாது என்று சொல்லிவிட்டுப் பாத்திரம் கழுவப் போனேன். உண்மையிலேயே தெரியாது.

டிசம்பர் 24, ஞாயிறு

பேச்சு வார்த்தை இல்லை. பூனையிடம் மட்டும் பேசுகிறார்.

டிசம்பர் 25, திங்கள்

எதிர்வீட்டு ஜெசிந்தா கேக் கொண்டுவந்தாள். ஆறுமுகநேரியில் அவளுக்குச் சொந்தக்காரர்கள் உண்டு. பொற்கொடியின் மாமியார் வீடும் அந்தத் தெருவில்தான். பேச்சுவாக்கில் ஒன்று சொன்னாள். சம்பந்தியம்மா கோமதியம்மாள் தெருவில் நாலு பேர் கேட்க, "இந்த வருசம் எம் மருமவளுக்குப் படி வராது. பாவம், அவுக வீட்டுல வெள்ளம்" என்றார்களாம்.

பாவமாம்! எனக்குச் சுருக்கென்று இருந்தது. பொற்கொடி வெளிநாட்டில் இருந்தாலும் வருஷம் தவறாமல் அவள் புகுந்த வீட்டு வாசலில் இவர் பொங்கப்படி இறக்கிவிட்டு வருவார். கரும்பு நிற்கிற வாசலைப் பார்த்துத்தான் அவளுக்கு அண்ணன் இருக்கிறான் என்று அந்தத் தெரு சொல்லும்.

இவரும் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். கேக்கை முழுக்கத் தின்றார்.

சாயங்காலம் நான் துணி மடித்துக்கொண்டிருந்தபோது வந்து நின்றார்.

"ஏளா, அவளுக்குப் புட்டு மாவு வறுத்ததா, பச்சையா?"

நான் தலை நிமிரவில்லை. நிமிர்ந்தால் கண்ணைப் பார்த்துவிடுவார். வறுத்த மாவுதான் கெடாது என்றேன். "கொஞ்சம் கொரகொரப்பா அரைக்கணும்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, சட்டையை மாட்டிக் காயில்காரர் வீட்டுக்குக் கிளம்பினார்.

வாசல் வரை போனவர் திரும்பி வந்து இன்னொன்றும் சொன்னார். "அட்வான்ஸ் மெஷினுக்கு மட்டுந்தான். படிக்கு அதுல ஒத்த ரூவா தொடக்கூடாது. அவ காசுலயே அவளுக்குப் படி குடுத்தா அதுக்குப் பேரு படியா? மெஷின் ஓடி நான் சம்பாதிச்சுத்தான் படி போவும்."

பொங்கலுக்கு இன்னும் மூன்றே வாரம்தான்.

டிசம்பர் 27, புதன்

பொற்கொடிக்கு எப்படி நன்றி சொல்வது என்று இரண்டு நாளாக மண்டையை உடைத்துக்கொண்டிருக்கிறேன். எழுதிப் பார்த்தேன். 'நீ செய்த உதவியை என்றும் மறவோம்' என்று வந்தது. மேடையில் பொன்னாடை போர்த்துகிறவர் பேச்சு மாதிரி இருக்கிறது. நம் வீட்டில் யார் யாருக்கு நன்றி சொன்னோம்? நன்றி என்றாலே அவளை வாசலுக்கு வெளியே நிறுத்திவிடுகிற மாதிரி அல்லவா இருக்கிறது? 'சீக்கிரம் திருப்பித் தந்துவிடுவோம்' என்றால் அவளை வட்டிக்கடைக்காரி ஆக்கியதாகிவிடும். அழுதால் அவள் இன்னும் அனுப்புவாள், அது அதைவிட மோசம். ஒன்றும் சொல்லாமல் இருந்தாலோ, காசு வந்து சேர்ந்ததா, அண்ணன் கோபித்துக்கொண்டாரா என்று அங்கே உட்கார்ந்து அவள் நகம் கடிப்பாள். கல்யாணத்தன்றே கடித்தவள்.

கடைசியில் ஒன்று புரிந்தது. அந்தக் காசு என்னவாக ஆகிறது என்பதைச் சொன்னால் போதும். மோட்டார் கட்டப் போயிருக்கிறது, அண்ணன் வறுத்த மாவா பச்சை மாவா என்று கேட்டார், இவ்வளவுதான். அவளுக்கு மீதி புரியும். நாளைக்கு வாய்ஸில் பேசி அனுப்ப வேண்டும்.

டிசம்பர் 28, வியாழன்

செத்தேன். நான் செத்தேன்.

சொல்ல நினைத்ததை மட்டும் சொல்லியிருக்கலாம். பேச ஆரம்பித்ததும் மடை திறந்துகொண்டது. "நீ அனுப்பலேன்னா நாங்க என்ன ஆயிருப்போம், உங்க அண்ணன் சாப்பாடு இறங்காம கெடந்தாக, நீ எங்களுக்குச் சாமி மாதிரி" என்று மூக்கை உறிஞ்சி உறிஞ்சி நாலு நிமிஷம் பேசி, அனுப்பும் பொத்தானை அமுக்கினேன். பிறகு பார்த்தால் மேலே 'பொற்கொடி வீடு பால்காய்ப்பு' என்று இருக்கிறது.

அது குரூப்பு. அவள் ஆறுமுகநேரியில் வீடு கட்டிப் பால் காய்ச்சியபோது பந்தல், சமையல் பேச ஆரம்பித்தது. பால் ஆறியும் குரூப்பு ஆறவில்லை. சென்னைச் சித்தியிலிருந்து கோவில்பட்டி அத்தான் வரை எல்லாச் சொந்தமும் அதில் உண்டு. கோமதியம்மாளும் உண்டு. இவரிடம் பட்டன் போன், அதனால் இவர் மட்டும் இல்லை. அந்த மட்டில் சாமி காப்பாற்றியது.

எதை அமுக்கினால் அழியும் என்று தேடிக் கண்டுபிடித்து அழிப்பதற்குள் ஐந்தாறு நிமிஷம் ஓடிவிட்டது. அதற்குள் யார் கேட்டார்களோ, யார் கேட்கவில்லையோ. 'இந்த மெசேஜ் அழிக்கப்பட்டது' என்று அங்கே ஒரு வரி நிற்கிறது, வெளுத்த துணியில் கறை மாதிரி. எல்லாருடைய மானத்தையும் மூடிவைக்கத்தானே அந்தப் பிள்ளை புட்டு மாவைக் கண்டுபிடித்தாள். நான் ஒரே அமுக்கில் முச்சந்தியில் போட்டு உடைத்துவிட்டேன். இவர் காதுக்குப் போனால் காயில்காரரிடமிருந்து மோட்டாரைத் தூக்கிவந்து ஆற்றிலேயே போட்டுவிடுவார்.

அன்றே, சற்றுப் பொறுத்து

சென்னைச் சித்தி குரூப்பில் கேட்டார்கள்: 'சம்முகக்கனி, என்ன அனுப்பி அழிச்சே? அழுகிற சத்தம் கேட்டுச்சே?'

நான் பதில் யோசிப்பதற்குள் பொற்கொடியின் குரல் குரூப்பில் வந்து விழுந்தது. சிரித்துக்கொண்டே பேசுகிறாள்.

"அது ஒண்ணுமில்ல சித்தி, மதினி மிளகாய் வறுத்துக்கிட்டே பேசினாவ. நான் அண்ணன் மில்லுல புட்டு மாவுக்குச் சொல்லிருக்கேன்லா, இங்க என்கூட வேலை பாக்கவுக எல்லாருமே பேர் குடுத்துட்டாக. மெஷினை வேற புதுசாக் கட்டுதாவ. வேணுங்கிறவுக இப்பவே சொல்லிருங்க, பொங்கல் நெருக்கத்துல அண்ணன் கைக்கு ஓய்வு இருக்காது."

அவ்வளவுதான். பதில்கள் கொட்டின. சித்திக்குப் புட்டு மாவு, இடியாப்ப மாவு. கோவில்பட்டி அத்தானுக்கு மிளகாய்ப் பொடி. யாரோ ஒருத்திக்கு மசாலாப் பொடி, அதுவும் கல்யாணத்துக்கு. அழிந்த வரி மேலே மேலே போய்க் கண்ணிலிருந்து மறைந்தது.

கோமதியம்மாள் மட்டும் ஒன்றும் எழுதவில்லை.

டிசம்பர் 29, வெள்ளி

கேட்டவர்கள் பெயரையெல்லாம் இவரிடம் சொன்னேன். எப்படித் திடீரென்று என்றார். பொற்கொடி குரூப்பில் சொன்னாள் என்றேன், அது பொய் இல்லை. மஸ்கட்டில் நிஜமாகவே ஆட்கள் கேட்கிறார்களா என்றார். நிஜம்தான். பொற்கொடி முதலில் வாயில் வந்ததைச் சொல்லிவிட்டு, பிறகு வார்டு வார்டாகப் போய்ப் பெயர் வாங்கியிருக்கிறாள். அவளோடு வேலை பார்க்கிற, லீவில் ஊருக்கு வந்திருக்கிற மேரி சிஸ்டர் திரும்பிப் போகும்போது எடுத்துப் போவாள். சொன்ன பொய்யை ஓடி ஓடி மெய்யாக்குகிற பிள்ளையை நான் இப்போதுதான் பார்க்கிறேன்.

இவர் நகத்தைப் பார்த்துக்கொண்டே "சின்ன வயசுலயே யாவாரம் தெரிஞ்சவ" என்றார். குரலில் பெருமை. வெள்ளம் வந்த பிறகு இன்றுதான் மறுசோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

ஜனவரி 2, செவ்வாய்

மோட்டார் வந்தது! பொருத்தி, கற்பூரம் காட்டி, முதலில் மஞ்சளைப் போட்டு அரைத்தோம். மாமனார் காலத்துப் பழக்கம். சுவிட்சைப் போட்டதும் தரை அதிர்ந்தது பாருங்கள், எனக்கு மெய் சிலிர்த்துவிட்டது. இவர் மூஞ்சியெல்லாம் மஞ்சள். துடைக்கவே இல்லை, அப்படியே மார்க்கெட் வரை போய் அரிசி வாங்கி வந்தார்.

ஜனவரி 6, சனி

எழுத நேரமில்லை. அரிசி ஊறவைத்து, வடித்து, நிழலில் உலர்த்தி, இடித்தமாதிரி அரைத்து, வறுத்து, ஆறவைத்து, சலித்து. வீடு முழுக்க வேட்டி விரித்து மாவு. பூனைக்கு உட்கார இடமில்லை. தும்மித் தும்மி என் மூக்கு கத்திரிக்காய் நிறத்தில் இருக்கிறது. தெரு ஜனங்களும் வருகிறார்கள், நனைந்த மில்களில் முதலில் எழுந்தது நம்முடையதுதானாம்.

ஜனவரி 9, செவ்வாய்

கோமதியம்மாள் இன்னும் குரூப்பில் வாய் திறக்கவில்லை. அந்தம்மா கேட்டிருந்தால்? மருமகள் பிறந்த வீட்டுக்குக் காசு அனுப்புகிறாள் என்று தெரிந்தால் எந்த மாமியார் சும்மா இருப்பாள்? அவள் வீட்டுக்காரர் முத்துராஜ் மாப்பிள்ளைக்குத் தெரியும், அவரே போய்த்தான் பணத்தைக் கட்டினார் என்று பொற்கொடி சொன்னாள். அப்படியானால் இன்னும் வம்பு, மகனையும் வளைத்துவிட்டாள் என்பார்கள். படி கொண்டு போகிற அன்று வாசலிலேயே கேட்டுவிட்டால் இவர் என்ன ஆவார்? தூக்கத்திலும் எனக்கு அந்த அழிந்த வரிதான் வருகிறது.

ஜனவரி 11, வியாழன்

படி வாங்கியாயிற்று. முழுக்க மில் வருமானம். ஒற்றை ரூபாய் அட்வான்ஸ் கலக்கவில்லை, இவர் தனிப் பையில் வைத்து வாங்கினார். பச்சரிசி, வெல்லம், இரண்டு கட்டுக் கரும்பு, மஞ்சள் குலை, வாழைத்தார், காய்கறி, பனங்கிழங்கு, சேலை, வேட்டி. போன வருஷம் ஒரு கட்டுக் கரும்புதான். "ஒண்ணு போதாதா?" என்றேன். "இந்த வருசம் அந்தத் தெரு எண்ணும்" என்றார்.

ஜனவரி 12, வெள்ளி

கை ஓய்ந்தாலும் பரவாயில்லை, இன்று முழுசாக எழுதியே தீருவேன்.

லோடு ஆட்டோவில் கரும்பு பின்னால் நீட்டிக்கொண்டு ஆட, நாங்கள் முன்னால் நெருக்கி உட்கார்ந்து ஆறுமுகநேரி போய்ச் சேர்ந்தோம். இவர் தெருமுனையிலேயே ஆரன் அடிக்கச் சொன்னார். வாழ்நாளில் இந்த மனுஷன் யாரையும் ஆரன் அடிக்கச் சொன்னதில்லை. வாசல்தோறும் தலைகள். படி வராது என்று கேட்ட அத்தனை காதுக்கும் கண் முளைத்தது. கரும்பைத் தானே தோளில் தூக்கிக்கொண்டு நடந்தார். நான் மஞ்சள் குலையோடு பின்னால் போனேன். தலையை நிமிர்த்தித்தான் நடந்தேன்.

கோமதியம்மாள் வாசலில் நின்று "வாங்க" என்றார்கள். மூஞ்சியிலிருந்து ஒன்றும் படிக்க முடியவில்லை. கூடத்தில் எல்லாவற்றையும் பரப்பிவைத்ததும், அவர்களே போனை எடுத்து மருமகளைக் கூப்பிட்டார்கள். திரையில் பொற்கொடி நர்ஸ் உடுப்போடு வந்தாள். கரும்பைப் பார்த்தாள், அண்ணனைப் பார்த்தாள், உதட்டைக் கடித்துக்கொண்டாள். அக்கம்பக்கத்துப் பெண்கள் நாலைந்து பேர் கூடத்துக்குள் வந்து நின்றிருந்தார்கள்.

"எதுக்குண்ணே இவ்வளவு, இந்த வருசம் போயி..." என்று ஆரம்பித்தாள்.

இவர் கையை உயர்த்தினார். "ஏ பொற்கொடி, மாவுக் கணக்கு தனி. அது யாவாரம், நீ அட்வான்ஸ் குடுத்திருக்கே, நான் மாவு தாரேன். அந்த அட்வான்ஸை நான் மறக்கவும் மாட்டேன், மாவை நிறுத்தவும் மாட்டேன். இது படி. நான் இருக்க மட்டும் வரும். ரெண்டையும் சேத்துப் பேசாத."

அந்தப் பெண்களுக்கு அது வெறும் வியாபாரப் பேச்சு. ஒருத்தி உடனே, மில்லில் சத்துமாவு அரைப்பீர்களா என்று கேட்டாள். பொற்கொடிக்கு மட்டும் அது என்னவென்று தெரிந்தது. இரண்டு வாரமாக நான் தேடியும் கிடைக்காத வார்த்தையை இவர் வியாபாரத்துக்குள் வைத்து அத்தனை பேர் நடுவில் சொல்லிவிட்டார். "சரிண்ணே," என்றாள். கண் நிறைந்து வழிந்தது. அண்ணன் படியைப் பார்த்துத் தங்கை அழுவது எந்தத் தெருவிலும் நியாயம்தானே, யாரும் ஒன்றும் கேட்கவில்லை.

காப்பி போட நான் கோமதியம்மாளோடு அடுப்படிக்குப் போனேன். அவர்கள் கதவைச் சாத்தினார்கள். இதோ கேட்கப் போகிறார்கள் என்று நினைத்தேன்.

"ஒன் பேச்சை நான் முழுசாக் கேட்டுட்டேன்," என்றார்கள். "நீ அழிக்கதுக்கு முந்தியே."

"அத்தை..." என்றேன்.

"பொறந்த வீட்டை விட்டுராத பொண்ணு, நாளைக்கு என்னையும் விட மாட்டா. எனக்குப் பெருமைதான். ஆனா நான் கேக்கலை, நீயும் சொல்லலை. உங்க வீட்டுக்காரருக்கு எனக்குத் தெரியும்னு தெரிஞ்சா அவரு இந்த வாசலைத் தலை நிமிந்து மிதிப்பாரா? அதான் குரூப்புல வாயத் தொறக்கலை." பிறகு பாலைக் கிண்டிக்கொண்டே, தான் படி வராது என்று தெருவில் சொன்னதும் அதற்குத்தான் என்றார்கள். கஷ்டத்தோடு கஷ்டமாக நாங்கள் கடன் வாங்கிக் கரும்பு தூக்கி வரக்கூடாது, வராவிட்டாலும் தெரு கேள்வி கேட்கக்கூடாது, அதனால் முன்கூட்டியே சொல்லி வாயை அடைத்தார்களாம். நான் அந்தம்மாவை மனசுக்குள் என்னென்ன திட்டியிருக்கிறேன் என்பதை இங்கே எழுதப் போவதில்லை.

"வறுத்த மாவு இருந்தா எனக்கும் அஞ்சு கிலோ," என்றார்கள். "சும்மா தரக்கூடாது. யாவாரம் யாவாரந்தான்."

திரும்பி வரும்போது ஆட்டோவில் இவர் எதையோ முணுமுணுத்துக்கொண்டே வந்தார். கேட்டால், பாட்டாம்.

ஜனவரி 15, திங்கள். பொங்கல்

பொங்கியது. கிழக்கே பொங்கி வழிந்தது, நல்லது.

பொற்கொடிக்கு நான் இன்னும் என் பங்குக்கு ஒன்றும் சொல்லவில்லை. பேச ஆரம்பித்தால் மடை திறக்கும் என்று தெரிந்துவிட்டது. அதனால் பேசவே இல்லை. இவர் மில்லைத் திறந்து ஜெசிந்தாவுக்கு அரிசி அரைக்கும்போது போனை மெஷின் பக்கத்தில் பிடித்து, ஒரு நிமிஷம் வெறும் சத்தத்தைப் பிடித்தேன். அவள் அந்தச் சத்தத்தில்தான் படித்தாள், அந்தச் சத்தத்தில்தான் தூங்கினாள். பெயரை மூன்று தடவை பார்த்தேன். பால்காய்ப்பு இல்லை, பொற்கொடிதான். அனுப்பினேன்.

கேட்டுவிட்டாள் என்று நீல அடையாளம் காட்டியது. பதில் வரவில்லை. திரும்பவும் கேட்கிறாள் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். கடைசியில் ஒரு வாய்ஸ் வந்தது. மூக்கடைத்த குரல்.

"மதினி, பெல்ட்டு லூசா இருக்கு. கீச்சுன்னு ஒரு சத்தம் வருது பாருங்க. அண்ணனை இறுக்கச் சொல்லுங்க. பூனைக்கு என் பொங்கல் வாழ்த்து."

போய்ச் சொன்னேன். மெஷினை நிறுத்தி, குனிந்து, பெல்ட்டை விரலால் அமுக்கிப் பார்த்தார். தொய்ந்துதான் இருந்தது. கடல் தாண்டி இருந்துகொண்டு கண்டுபிடித்துவிட்டாளே என்று இவர் சிரித்த சிரிப்பில் தொந்தி குலுங்கி மாவு உதிர்ந்தது. "மில்லுக்காரன் மவ" என்று சொல்லிக்கொண்டே ஸ்பானரை எடுத்து இறுக்கினார்.

மெஷின் இப்போது கீச்சுச் சத்தமில்லாமல் ஓடுகிறது. பூனையை எதற்கு வாழ்த்தினாள் என்று இவர் கேட்டார். போட்டோவைப் பற்றி மூச்சு விடாமல், எனக்குத் தெரியாது என்று சொல்லிவிட்டேன்.